கோட்டின் மேல் எழுதும் சொல்

பிளஸ் டூ படிக்கும் என் அண்ணன் மகளுக்குப் புவியியல் ஆசிரியை முதல் நாள் இரவே வாட்ஸ்அப்பில் நாலு நிமிட வாய்ஸ் நோட் அனுப்பிவிடுவார். மறுநாள் நடத்தப்போகும் பாடத்தின் சுருக்கம் அது. அதைக் கேட்டு அவள் எழுதிவைத்திருந்த குறிப்பைப் பார்த்தேன். தென்மேற்குப் பருவமழை, மேற்குத் தொடர்ச்சி மலை, மழை மறைவுப் பிரதேசம், வங்கக்கடல் என்று பெயர்கள் எல்லாம் இருந்தன. எது எதற்குக் காரணம் என்பது மட்டும் இல்லை. ஆசிரியை அதைச் சொல்லாமல் விடவில்லை. ‘அதனாலதான்’, ‘ஏன்னா’, ‘ஆனா’ என்று சின்னச் சின்னச் சொற்களில் சொல்லியிருந்தார். கை வேகமாக எழுதும்போது முதலில் உதிர்வது அவைதான்.

உதிர்ந்ததைத் திரும்ப எடுத்து வைக்கும் வேலைதான் கருத்து வரைபடம். அது பிறந்ததே பேச்சிலிருந்துதான். 1972இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கின் குழு, குழந்தைகளிடம் அறிவியல் பற்றிப் பேட்டி எடுத்தது. பக்கம் பக்கமாகக் குவிந்த பேச்சில் ஒரு குழந்தையின் புரிதல் எப்படி மாறுகிறது என்று பிடிபடவில்லை. ஆகவே கருத்துகளைக் கட்டங்களில் இட்டு, இணைக்கும் கோட்டின் மேல் ஓர் இணைப்புச் சொல் எழுதினார்கள். கட்டம், சொல், கட்டம் மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு வாக்கியம் வர வேண்டும்.

நாங்கள் முதலில் ஒரு கேள்வியைத் தலைப்பாக வைத்தோம்: தமிழ்நாட்டுக்குப் பெருமழை ஏன் அக்டோபருக்குப் பிறகு வருகிறது? இந்தக் கேள்விக்கு உதவாத எதையும் வரைபடத்தில் சேர்ப்பதில்லை என்று முடிவு. பிறகு பதிவை இரண்டு முறை கேட்டோம். முதல் முறை பெயர்களை மட்டும் எழுதினோம். இரண்டாம் முறை பெயர்களை விட்டுவிட்டு, அந்தச் சின்னச் சொற்கள் வரும் இடத்திலெல்லாம் நிறுத்தினோம்.

இங்கேதான் தமிழ் ஒரு முட்டுக்கட்டை போட்டது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ‘ஐ’, ‘இல்’, ‘ஆல்’ எல்லாம் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். கட்டத்துக்குள் ‘கடலை’ என்று எழுதினால், அதே கட்டத்துக்கு வரும் வேறு கோட்டுக்கு அது பொருந்தாது. ‘கடப்பது’, ‘கொடுப்பது’ என்று வினையைப் பெயராக்கி நடுவில் வைத்ததும் சிக்கல் தீர்ந்தது:

தென்மேற்குக் காற்று — மோதும் இடம் → மேற்குத் தொடர்ச்சி மலை
மேற்குத் தொடர்ச்சி மலை — உண்டாக்குவது → மழை மறைவுப் பிரதேசம்
மழை மறைவுப் பிரதேசம் — இதில் அடங்குவது → தமிழ்நாட்டின் பெரும்பகுதி

வடகிழக்குக் காற்று — கடந்து வருவது → வங்கக்கடல்
வங்கக்கடல் — கொடுப்பது → ஈரம்
ஈரம் — மழையாகப் பொழியும் காலம் → அக்டோபர் முதல் டிசம்பர் வரை

இரண்டு காற்றும் இரண்டு கிளைகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“சித்தப்பா, நடுவுல ‘தொடர்பு’ன்னு போட்டா போதாதா?” என்றாள்.

போதாது. ‘மலை — தொடர்பு → மழை’ என்பது பொய்யாகவே முடியாது. எதற்கும் எதோடும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கும். ‘உண்டாக்குவது’ என்று எழுதினால் சரியா தவறா என்று கேட்கலாம். அப்படிக் கேட்க முடியாத வரியை அடித்துவிட வேண்டியதுதான். ஒரு கட்டத்துக்குள் முழு வாக்கியத்தையே திணிப்பது இன்னொரு தவறு. அதை உடைத்தால் இரண்டு மூன்று கட்டங்கள் கிடைக்கும்.

கிளைகள் ஒன்றையொன்று தொடாமல் நேராக இறங்கினாலும் நான் சந்தேகப்படுவேன். பதிவின் கடைசியில் ஆசிரியை, “அட, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், மேட்டூர் நிரம்புறது அந்த மழையிலதான்” என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தார். அண்ணன் மகள் அதைக் கதை என்று விட்டுவிட்டாள். உண்மையில் இரண்டு கிளைகளையும் தாண்டிப் போகும் குறுக்குக் கோடு அது:

தென்மேற்குப் பருவமழை — குடகில் பெய்து நிரப்புவது → மேட்டூர் அணை

மலைக்கு இந்தப் பக்கம் அந்த மழை அதிகம் பெய்யாவிட்டாலும், காவிரி வழியாகத் தண்ணீராக வந்து சேர்ந்துவிடுகிறது. பேச்சில் இப்படிப்பட்ட விஷயங்கள் பெரும்பாலும் ‘மறந்துட்டேன்’, ‘இன்னொண்ணு’ என்ற சொற்களுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

எல்லாப் பாடத்துக்கும் இது ஒத்துவராது. கணக்கைப் படிப்படியாகப் போடும் வகுப்பை இப்படி உடைத்தால் வரிசை போய்விடும். அதற்கு எண்ணிட்ட குறிப்பே மேல்.

நாலு நிமிடப் பேச்சுக்கு எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் ஒரு கோடு மட்டும் வெறுமையாக நின்றது. வடகிழக்குக் காற்று எதனால் கிளம்புகிறது என்று பதிவில் எங்கேயும் இல்லை. அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு ஆசிரியைக்கே அனுப்பினாள். மறுநாள் காலை வந்த பதில் அரை நிமிட வாய்ஸ் நோட்: குளிர்காலம் நெருங்கும்போது கடலைவிட நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், குளிர்ந்த நிலத்தின் மேல் காற்றழுத்தம் கூடும், அதனாலதான் காற்று அங்கிருந்து கடலை நோக்கிக் கிளம்புகிறது.