மைனஸ் எண்ணை வகுத்தால் மீதி என்ன?

பைத்தானில் `//` ஈவையும் `%` மீதியையும் தரும் என்று சென்ற வாரம் பார்த்தோம். அதைப் படித்த மாணவி ஒருவர், மைனஸ் எண்களுக்கு என்ன விடை வரும் என்று கணினியைத் தொடாமல் தாளிலேயே கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். 17, 5 இரண்டையும் வைத்து மூன்று கணக்குகள். மூன்றும் சரியா என்று கேட்கிறார். ஓட்டிப் பார்த்துவிடுவோம்.

```
>>> -17 // 5, -17 % 5
(-4, 3)
>>> 17 // -5, 17 % -5
(-4, -3)
>>> -17 // -5, -17 % -5
(3, -2)
```

மூன்றுமே அவர் எழுதியபடிதான் வந்திருக்கின்றன. முதல் கணக்கில்தான் பலரும் தடுமாறுவார்கள். 17-ஐ 5-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2. அதனால் மைனஸ் போட்டால் -3, -2 என்றுதானே வரவேண்டும்? தசமத்தில் விடை -3.4. பைத்தான் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிவதில்லை. எண்கோட்டில் இடப்பக்கம் உள்ள முழு எண்ணுக்குப் போகிறது. -3.4-க்கு இடப்பக்கம் இருப்பது -4.

ஈவு தெரிந்தால் மீதியைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வகுத்தியை ஈவால் பெருக்கி, மீதியைக் கூட்டினால் பழைய எண் திரும்ப வரவேண்டும். 5 × -4 = -20. அதிலிருந்து -17-க்கு வர 3 கூட்ட வேண்டும், அதுதான் மீதி. இரண்டாம் கணக்கில் -5 × -4 = 20. அங்கிருந்து 17-க்கு வர -3. மூன்றாவதில் -5 × 3 = -15; -17-க்கு வர -2. மீதி பூஜ்ஜியமாக இல்லாவிட்டால், அதன் குறி எப்போதும் வகுத்தியின் குறிதான். மாணவியின் தாளிலும் இந்தச் சரிபார்ப்பு ஓரத்தில் இருந்தது. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த ஏற்பாடு எதற்கு? இப்போது அதிகாலை 2 மணி. 5 மணி நேரத்துக்கு முன் மணி என்ன? `(2 - 5) % 24` என்று கேட்டால் பைத்தான் 21 என்கிறது, அதாவது இரவு 9 மணி. சி, ஜாவா மொழிகளில் இதே கணக்கு -3 தரும், ஏனென்றால் அவை ஈவைப் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டுகின்றன. -3 மணி என்று ஒன்று கிடையாது. நாமே 24 கூட்டிச் சரிசெய்ய வேண்டும். ஒற்றைப்படையா என்று பார்க்க `n % 2 == 1` என எழுதினால், -7-க்குப் பைத்தானில் சரியாக வேலை செய்யும். சி மொழியில் மீதி -1 ஆகி, ஒற்றைப்படை இல்லை என்று சொல்லிவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். `-17 // 5` என்பதில் மைனஸ் முதலில் 17-உடன் ஒட்டிக்கொள்ளும், பிறகுதான் வகுத்தல். அடைப்புக்குறி போட்டு `-(17 // 5)` என்று எழுதினால் விடை -3. `int(-17 / 5)` என்றாலும் -3-தான், `int` புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும் என்பதால். சி மொழியில் எழுதிய நிரலைப் பைத்தானுக்கு மாற்றும்போது விடை ஒன்று தள்ளி வந்தால், முதலில் பார்க்க வேண்டியது `//` உள்ள வரிகளில் மைனஸ் எண் எங்காவது வருகிறதா என்பதைத்தான்.