நிறை குறைந்தும் சீனி குறையாதது ஏன்?

இரண்டாம் வகை நீரிழிவுக்கு உள்ளான முதியவர்கள் பலர் சோற்றின் அளவைக் குறைத்து, மாலையில் சிறிது தூரம் நடந்து, உடல் நிறையில் இரண்டு மூன்று கிலோவையும் இழந்து விடுகின்றனர். அவ்வாறிருந்தும் கிளினிக் கொப்பியில் பதியப்படும் சீனியின் அளவு சிலருக்கு எதிர்பார்த்தபடி இறங்குவதில்லை. கதிரையிலிருந்து எழுவதற்குக் கைப்பிடியைத் தேடும் நிலைதான் ஏற்படுகின்றது. இழக்கப்பட்ட நிறையில் கொழுப்புடன் தசையும் சேர்ந்திருப்பது இதற்கு ஒரு காரணமாகும் என்பதை நாம் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

உணவுக்குப் பின்னர் இன்சுலினின் தூண்டுதலால் இரத்தத்திலிருந்து குளுக்கோசைப் பெருமளவில் உள்வாங்குபவை எமது தசைகளே. தசைக் கலத்தினுள் குளுக்கோசு நுழைவதற்கு, கலத்தின் உள்ளே இருக்கும் ஒரு கடத்திப் புரதம் அதன் மேற்பரப்புக்கு வர வேண்டும். இன்சுலினே அதனை அழைத்து வருகின்றது. இரண்டாம் வகை நீரிழிவில் அந்த அழைப்பு வலுவிழந்து விடுகின்றது. எனினும் தசை சுருங்கி வேலை செய்யும்போது, இன்சுலினின் உதவியின்றி வேறொரு வழியாக அதே புரதம் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றது. பயிற்சி முடிந்த பின்னரும் ஓரிரு நாட்களுக்குத் தசை இன்சுலினுக்குக் கூடுதலாக இணங்குகின்றது.

இதனை முதியவர்களிடத்தே பரிசோதித்த அவுஸ்திரேலிய ஆய்வொன்றின் முடிவுகள் 2002 ஆம் ஆண்டு வெளியாகின. 60 முதல் 80 வயது வரையான 36 நீரிழிவாளர்கள் அதில் பங்குபற்றினர். இரு பிரிவினரும் மிதமாக நிறையைக் குறைக்கும் உணவுமுறையைப் பின்பற்ற, ஒரு பிரிவினர் மட்டும் வாரத்தில் மூன்று நாட்கள் பாரம் தூக்கும் பயிற்சியிலும் ஈடுபட்டனர். ஆறு மாதங்களின் பின்னர், சுமார் மூன்று மாத காலச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு பயிற்சி செய்தோரில் 1.2 சதவீதப் புள்ளியும் மற்றையோரில் 0.4 சதவீதப் புள்ளியும் குறைந்திருந்தது. இழந்த கொழுப்பின் அளவில் இரு பிரிவினருக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கவில்லை. ஆனால் கொழுப்பற்ற உடல் நிறை முதற் பிரிவினரில் சராசரியாக அரைக் கிலோ கூடியிருக்க, மற்றையோரில் 0.4 கிலோ குறைந்திருந்தது.

அடுத்து நிகழ்ந்ததே எமது கவனத்துக்குரியது. அதே பயிற்சியைத் தத்தமது வீடுகளில் தொடருமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். 2005 இல் வெளியான முடிவுகளின்படி தசையும் பலமும் நிலைத்திருந்தன. சீனிக் கட்டுப்பாடோ கைநழுவிப் போயிருந்தது. பயிற்சியின் ஒழுங்கும் அளவும் பாரமும் குறைந்தமையே இதற்குக் காரணமாக இருக்கலாமென ஆய்வாளர்கள் கருதினர். தசை இருந்தால் மட்டும் போதாது, அது போதிய பாரத்துடன் இடைவிடாது வேலை செய்யவும் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.

வீட்டில் இதனை எவ்வாறு செய்யலாம்? உதாரணமாக, 66 வயதான ஒருவர் சுவரோடு சேர்த்து வைத்த கதிரையில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டியவாறு எழுந்து, மெதுவாக மீண்டும் அமரலாம். எட்டுத் தடவை செய்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, இவ்வாறு மூன்று சுற்றுக்களை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யலாம். ஒவ்வொரு சுற்றிலும் இறுதி இரண்டு தடவைகள் கடினமாக இருத்தல் வேண்டும். பன்னிரண்டு தடவைகள் இலகுவாகி விட்டால், ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு எட்டிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். அது ஒரு கிலோ பாரமாகும். மாதக்கணக்கில் பாரத்தைக் கூட்டாது விடுவதே பலர் விடும் தவறு. கைகளுக்கும் தோள்களுக்கும் சுவரைத் தள்ளும் பயிற்சி இவ்வாறே பயன்படும்.

மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும். எழும்போது மூச்சை வெளிவிட வேண்டும். நீரிழிவினால் விழித்திரை பாதிக்கப்பட்டோர், இருதய நோயாளர், பாதத்தில் புண் உள்ளோர் வைத்தியரின் அனுமதியின்றித் தொடங்கலாகாது. இன்சுலின் அல்லது கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளைப் பயன்படுத்துவோருக்குச் சீனி அளவுக்கு மீறிக் குறையலாம். வியர்வையும் நடுக்கமும் தோன்றினால் பயிற்சியை நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து அருந்த வேண்டும். வைத்திய ஆலோசனையுடன் ரமழான் நோன்பு நோற்போர், நோன்பு திறப்பதற்கு முந்திய மணித்தியாலங்களில் இப்பயிற்சியைத் தவிர்த்து, இரவில் செய்வதே பொருத்தமானது.

இன்னுமொன்று. அவுஸ்திரேலிய ஆய்வில் காலை வெறும் வயிற்றுச் சீனியில் இரு பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே அந்த ஒரு இலக்கத்தை மாத்திரம் பார்த்துப் பயனில்லையெனக் கைவிட்டுவிடாது, மூன்று மாதங்களின் பின்னர் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை மூலம் அதன் பலனை அளந்து பார்ப்பதே முறையாகும்.