ஒரு வாரக் கெடுவில் வாயடைத்த பாட்கள்

2023 பிப்ரவரி 2ஆம் தேதி ட்விட்டர் ஒரு சின்ன அறிவிப்பை வெளியிட்டது. பிப்ரவரி 9 முதல் ஏபிஐயை இலவசமாகத் தர மாட்டோம் என்பதே அதன் சாரம். ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் நேரடியாகப் பேசப் பயன்படும் வழி. நிலநடுக்கம் வந்தால் பதிவிடும் கணக்கு, ரயில் தாமதத்தைச் சொல்லும் கணக்கு, தினம் ஒரு பழைய ஓவியத்தைப் போடும் கணக்கு எல்லாமே அந்த வழியாகத்தான் எழுதிக்கொண்டிருந்தன. பாட் என்று நாம் சொல்வது இவற்றைத்தான். கெடு இரண்டு முறை தள்ளிப்போனது. மார்ச் கடைசியில்தான் புதிய திட்டங்கள் வெளியாயின. அப்போதைய இலவசத் திட்டத்தில் மாதம் 1,500 பதிவுகள் எழுத முடிந்தது, ஆனால் பிறர் பதிவுகளைப் படிக்க முடியவில்லை. அதற்கு அடுத்த திட்டம் மாதம் 100 டாலராக இருந்தது.

பெரிய நிறுவனங்களும் தடுமாறின. நியூயார்க்கின் சுரங்க ரயிலையும் பேருந்தையும் நடத்தும் எம்டிஏ, உடனுக்குடனான சேவை அறிவிப்புகளை இனி ட்விட்டரில் போடுவதில்லை என்று ஏப்ரல் 27ஆம் தேதி சொன்னது. மாதம் 50,000 டாலர் வரை கேட்கப்படலாம் என்ற பேச்சு அப்போது செய்திகளில் அடிபட்டது. சில நாட்களிலேயே ட்விட்டர் இறங்கி வந்து, வானிலை, போக்குவரத்து, அவசர எச்சரிக்கை ஆகியவற்றை வெளியிடும் அரசுக் கணக்குகளுக்கு மட்டும் கட்டணமில்லை என்றது. எம்டிஏவுக்கு அந்த வலு இருந்தது. வீட்டு மூலையில் ஒரு பழைய கணினியில் பாட் ஓட்டும் தனி ஆளுக்கு அது கிடையாது. அவர் கணக்குப் போட்டுத்தான் தப்பிக்க வேண்டும்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரை ஊர். ஆற்றின் நீர்மட்டத்தை அந்நாட்டுப் புவியியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ் பொதுவாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, அந்தத் தரவை யாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறது. நம் பாட் மணிக்கொருமுறை அதை எடுத்து, 'இப்போது நீர்மட்டம் இத்தனை அடி' என்று பதிவிடுகிறது. யாராவது அதன் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்டால் பதிலும் சொல்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது, இந்த இரண்டு வேலைகளில் எது எழுதுவது, எது படிப்பது என்பதை. பலர் கோட்டைவிட்டது இங்கேதான். பாட் 'பதிவு போடுகிறது' என்றே நினைத்துக்கொண்டிருப்போம். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்தக் கேள்வியைப் படித்தாக வேண்டும். இலவசத் திட்டத்தில் அது நின்றுவிட்டது. ஆகவே கேள்வி-பதிலை அங்கே கைவிட வேண்டியதுதான். அதை டெலிகிராமுக்கு மாற்றலாம். அங்கே பாட்டுக்கு வரும் செய்தியைப் படிக்கக் கட்டணம் இல்லை.

அடுத்தது எண்ணிக்கை. மணிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 24, 30 நாளைக்கு 720. வரம்பு 1,500 என்பதால் 2023இல் இந்த பாட்டுக்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் 2024இல் எக்ஸ் என்று பெயர் மாறியிருந்த அதே தளம் இலவச வரம்பை 500 ஆகக் குறைத்தது, 100 டாலர் திட்டத்தை 200 ஆக்கியது. நாள் வரம்பும் 17 பதிவுகளாகச் சுருங்கியது. பதினெட்டாவது பதிவுக்கு `429` என்ற பிழை எண் திரும்பி வந்தது. நள்ளிரவு 12 மணிப் பதிவிலிருந்து எண்ணினால், மாலை ஐந்து மணியிலிருந்து பாட் ஊமை.

இரண்டு மணிக்கு ஒருமுறை என்று மாற்றினால் நாளைக்கு 12, மாதம் 360. அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். என்றாலும் எனக்கு இந்தத் தீர்வு பிடிக்கவில்லை. ஆறு அமைதியாக இருக்கும் நாளில் 12 முறை ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு, வெள்ளம் ஏறும் இரவில் கையில் ஐந்தே பதிவுகளை வைத்துக்கொண்டு நிற்பதில் என்ன பயன்? வழக்கமான பதிவை ஆறு மணிக்கு ஒன்றாகக் குறைத்தால் நாளைக்கு 4தான் செலவாகும். மீதி 13ஐச் சேமித்து வைத்து, கடைசியாகச் சொன்ன அளவிலிருந்து நீர்மட்டம் அரை அடி மாறும்போது மட்டும் கூடுதலாகப் பதிவிடலாம். அதற்குக் கடைசி அளவை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி அணைந்து எழும்போதெல்லாம் பாட் பழைய செய்தியைப் புதிதுபோல் சொல்லும். மாதக் கணக்கில் வழக்கமான செலவு 120தான். பத்து நாள் வெள்ளம் வந்து, ஒவ்வொரு நாளும் மீதி 13ஐயும் செலவழித்தாலும் மொத்தம் 250. தளத்தின் கெடுபிடியால் பாட் முன்பைவிடப் பயனுள்ளதாகிவிடுகிறது.

மூன்றாவது வேலை நிரலைப் பிரிப்பது. பழைய பாட்களில் பெரும்பாலானவற்றில் தரவை எடுப்பதும் ட்விட்டருக்கு அனுப்புவதும் ஒரே கோப்பில் பின்னிக் கிடக்கும். அவற்றைப் பிரித்து, அனுப்பும் இடம் ஒவ்வொன்றையும் தனிச் செயல்கூறாக வைத்தால் ஒரு வாசல் அடைபட்டாலும் மற்றவை திறந்திருக்கும்.

```
failed = []
for send in (send_x, send_mastodon, send_telegram):
    try:
        send(text)
    except Exception as e:
        failed.append((send.__name__, e))
```

`try` இல்லாமல் எழுதியிருந்தால், எக்ஸ் பிழை தந்ததுமே நிரல் அங்கேயே விழும். மாஸ்டடானுக்கும் டெலிகிராமுக்கும் செய்தி போகவே போகாது. எக்ஸுக்கு அனுப்பும் பகுதியிலும் ஒரு மாற்றம் தேவை. பழைய 1.1 பதிப்பின் முகவரிக்கு எழுதும் நிரல்களுக்கு `403` பிழையும், உள்ளே `453` என்ற குறியீடும் வரும். கடவுச்சாவி சரிதான், அந்த முகவரியை உங்கள் திட்டத்தில் தருவதில்லை என்பது அதன் பொருள். இது தெரியாமல் சாவியை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. புதிய முகவரி `POST /2/tweets`.

உண்மையான ஆபத்து, பாட் சத்தமில்லாமல் சாவது. மேலே உள்ள நிரல் பிழையை விழுங்கிக்கொள்கிறது. கடைசியில் `failed` பட்டியலைப் பார்த்து யாருக்காவது சொல்லாவிட்டால் எல்லாம் சரியாக நடப்பதுபோலவே தோன்றும். க்ரான் வழியாக நேரம் வைத்து ஓட்டுபவர்களுக்குப் பிழைச் செய்தி அந்தக் கணினியின் உள்ளூர் அஞ்சல்பெட்டியில் விழும். அதை யாரும் திறப்பதில்லை. ஆகவே 'பிழை வந்தால் சொல்' என்பதைவிட 'சரியாக நடந்தால் சொல்' என்று அமைப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் பதிவு எல்லா இடங்களிலும் வெற்றியாகப் போன பிறகு, வேறொரு கண்காணிப்புச் சேவையின் முகவரியை நிரல் ஒருமுறை தட்டட்டும். ஏழு மணி நேரமாகத் தட்டல் இல்லையென்றால் அந்தச் சேவை மின்னஞ்சல் அனுப்பும். கணினியே அணைந்து போனாலும், மின்சாரம் இல்லாவிட்டாலும் இது பிடித்துவிடும். பிழையைச் சொல்லக் காத்திருக்கும் நிரலால் அது முடியாது.

பின்தொடர்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைப் புதிய இடத்துக்குத் தூக்கிச் செல்ல வழியில்லை. கெடுவுக்கு முன்பே, பாட் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே, புதிய முகவரியைப் பதிவிட்டு மேலே பொருத்தி வைக்க வேண்டும். கடைசி நாளுக்குக் காத்திருந்தால், ஏபிஐ நின்றபின் பாட் அதைச் சொல்லாது. கையால்தான் உள்ளே போய் எழுத வேண்டியிருக்கும்.

2024இல் கேட்ட அந்த 200 டாலரைக் கொடுத்திருக்கலாமா? பாட்டால் வருமானம் வந்திருந்தால் யோசித்திருக்கலாம். பொழுதுபோக்காக ஓட்டும் பாட்டுக்கு வருடத்துக்கு 2,400 டாலர் என்பது அதை ஓட்டும் சின்ன சர்வரின் வாடகையைப் பல மடங்கு தாண்டியிருக்கும். மாஸ்டடானும் டெலிகிராமும் இன்று இலவசம்தான், அவற்றின் விதியும் ஒருநாள் மாறலாம். ஆகவே அனுப்பும் இடங்களில் ஒன்றாவது நம் கையில் இருக்கட்டும். சொந்த இணைய முகவரியில் ஆர்எஸ்எஸ் கோப்பு ஒன்று போதும். கடைசி ஐம்பது அளவுகளை எழுதி வைக்கும் அந்தக் கோப்புக்குச் சாவியும் வேண்டாம், மாத வரம்பும் கிடையாது. ஆற்றங்கரையில் இருப்பவர் ஆர்எஸ்எஸ் படிக்கும் எந்தச் செயலியிலும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.