பெருக்கிக் கூட்டினால் நிலா தனி, சூரியன் தனி

துறைமுகத் தூண் ஒன்றில் சென்டிமீட்டர் கோடு போட்ட அளவுகோல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்கிறீர்கள். நள்ளிரவு 12 மணிக்கு 100. அதிகாலை 3 மணிக்கு 87, காலை 6 மணிக்கு 50, 9 மணிக்கு 53. நண்பகலில் 80, பிற்பகல் 3 மணிக்கு 73, மாலை 6 மணிக்கு 50, இரவு 9 மணிக்கு 67. கணக்கு சுலபமாக வர வேண்டும் என்பதற்காக இந்த எண்களை நானே கட்டினேன். செய்யப்போகும் முறை மட்டும் அசல்.

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி வற்றும். அதோடு நாளுக்கு ஒரே முறை ஏறி வற்றும் ஓர் அசைவும் கலந்திருக்கும். மேலே உள்ள எட்டு எண்களில் இரண்டும் சேர்ந்தே கிடக்கின்றன. பாலில் கலந்த தண்ணீர் மாதிரி, பார்த்தால் பிரித்துச் சொல்ல முடியாது. இருமுறை அலையின் பங்கு எவ்வளவு?

நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கோசைன் அலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் அதன் மதிப்பு 1, மூன்று மணிக்கு 0, ஆறு மணிக்கு −1, ஒன்பதுக்கு 0, நண்பகலில் மறுபடி 1. இப்படியே 1, 0, −1, 0 என்று போகும். நீர்மட்ட எண்களை வரிசையாக இவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். பூஜ்யத்தால் பெருக்கியவை உதிர்ந்துவிடும். மிஞ்சுவது 100 − 50 + 80 − 50. விடை 80. அதை 4-ஆல் வகுத்தால் 20.

அதே வேகத்தில் ஓடும் சைன் அலை கால் சுற்று தள்ளி வரும்: 0, 1, 0, −1. அதனால் பெருக்கிக் கூட்டினால் 87 − 53 + 73 − 67, அதாவது 40. நான்கால் வகுத்தால் 10.

அவ்வளவுதான் வேலை. இருமுறை அலையில் கோசைன் பங்கு 20, சைன் பங்கு 10. இந்த எண்களைத்தான் கணிதத்தில் கெழு என்கிறார்கள். இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்தால் கர்ணம் சுமார் 22.4 வரும். சராசரி மட்டத்திலிருந்து அந்த அலை அத்தனை சென்டிமீட்டர் எழும்புகிறது. அதன் உச்சம் நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய 53 நிமிடத்தில் வருகிறது என்பதும் அதே முக்கோணத்தின் கோணத்திலிருந்து கிடைக்கும். எண்களைக் கட்டும்போது நான் போட்டவை சராசரி 70, இருமுறை அலையில் 20-ம் 10-ம், ஒருமுறை அலையில் 10. போட்டது அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

மற்றவை எங்கே போயின? சராசரியான 70 எல்லா எண்ணிலும் இருக்கிறது. அதை 1, 0, −1, 0 என்று பெருக்கினால் கூட்டிய அளவே கழிந்துவிடும். ஒருமுறை அலை இதைவிட நயமாக மறைகிறது. நள்ளிரவில் அது நீரை 10 சென்டிமீட்டர் உயர்த்தியது, நண்பகலில் 10 சென்டிமீட்டர் தாழ்த்தியது. நாமோ இரண்டு நேரத்தையும் ஒரே 1-ஆல் பெருக்கினோம். ஏற்றமும் இறக்கமும் தமக்குள் அடித்துக்கொண்டு போய்விட்டன.

இது இந்த எட்டு எண்களுக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டமா என்ற சந்தேகம் வரும். வர வேண்டியதுதான். சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். முள்ளின் நுனி மையத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதுதான் கோசைன். எவ்வளவு வலப்பக்கம் இருக்கிறது என்பது சைன். 12-இல் முள் எவ்வளவு மேலேயோ, 6-இல் அவ்வளவு கீழே. 1-க்கு எதிரே 7, 2-க்கு எதிரே 8. ஒவ்வோர் இடத்துக்கும் நேர் எதிரே ஒரு ஜோடி இருக்கிறது. முள் ஒரு முழுச் சுற்று வந்தால் எல்லா ஜோடிகளும் கழிந்து கூட்டல் பூஜ்யம். பன்னிரண்டு புள்ளிகளுக்குப் பதில் முள் கடக்கும் ஒவ்வோர் இடத்தையும் இடைவிடாமல் கூட்டுவதைத் தொகையீடு என்கிறோம். அதிலும் இதே கதைதான். எந்த இடத்தில் தொடங்கினாலும் சரி, முழுச் சுற்றாக இருந்தால் போதும். இரண்டு சுற்று, ஐந்து சுற்று என்றாலும் பூஜ்யமே. ஒன்றரைச் சுற்று என்றால்தான் வம்பு.

ஒரு படி மீதம் இருக்கிறது. நாம் கூட்டியது அலையை அல்ல, இரண்டு அலைகளின் பெருக்கலை. அது ஏன் பூஜ்யமாக வேண்டும்? பிளஸ் டூ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஒரு சூத்திரத்தில் பதில் இருக்கிறது:

cos A × cos B = ½ [cos(A − B) + cos(A + B)]

எதற்கு என்று தெரியாமலே பலர் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். இரண்டு அலைகளைப் பெருக்கினால் இரண்டு புதிய அலைகள் பிறக்கின்றன என்பதுதான் இதன் பொருள். ஒன்று இரண்டு வேகங்களின் வித்தியாசத்தில் ஓடும், மற்றது கூட்டலில் ஓடும். நாளுக்கு இருமுறை அலையையும் ஒருமுறை அலையையும் பெருக்கினால், நாளுக்கு ஒருமுறை ஓடுவது ஒன்றும் மும்முறை ஓடுவது ஒன்றும் கிடைக்கும். ஒரு நாளில் இரண்டும் முழுச் சுற்று முடித்துவிடுகின்றன. ஆகவே இரண்டுமே பூஜ்யம்.

வேகம் இரண்டும் ஒன்றாகவே இருந்தால் மட்டும் நிலைமை வேறு. வித்தியாசம் பூஜ்யம், cos 0 என்பது 1. அந்தக் கடிகாரத்தில் முள் நகர்வதே இல்லை, 12-ஐக் காட்டியபடி நிற்கிறது. நிற்கும் முள்ளுக்கு எதிர் ஜோடி ஏது? அது கழியாமல் மிஞ்சுகிறது, முன்னால் உள்ள அரை மடங்கோடு. எட்டு அளவுகளைக் கூட்டிவிட்டு 8-ஆல் வகுக்காமல் 4-ஆல் வகுத்தது இந்த அரையை ஈடுகட்டத்தான். சைனையும் கோசைனையும் பெருக்கினால் வருவது சைன்களே. அங்கே நின்றுபோகும் முள் cos 0 அல்ல, sin 0, அதாவது பூஜ்யம். அதனால் ஒரே வேகத்தில் ஓடினாலும் அவை ஒன்றின் பங்கில் ஒன்று கைவைப்பதில்லை.

பிரான்ஸின் ஜோசப் ஃபூரியே வெப்பம் பரவுவதைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கெழுக்களை முதலில் மிகக் கடினமான வழியில்தான் தேடினார். முடிவில்லாத எண்ணிக்கையில் சமன்பாடுகள், முடிவில்லாத எண்ணிக்கையில் தெரியாதவை. ஒவ்வொன்றாக நீக்கி நீக்கிப் போனார். பக்கம் பக்கமாக உழைத்த பிறகு, பெருக்கித் தொகையிட்டாலே இதே விடை வந்துவிடும் என்று காட்டினார். அந்தச் சுருக்கு வழியை ஆய்லர் 1777-லேயே கண்டிருந்தார். இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம், ஃபூரியே தன் நீண்ட வழியை நூலிலிருந்து அழித்துவிடாமல் விட்டதுதான்.

கடலுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர் பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன். மனிதர்கள் உட்கார்ந்து பெருக்கிக் கூட்டுவதைப் பார்த்துச் சலித்து, 1876-இல் அதற்கு ஓர் இயந்திரத்தை விவரித்தார். சாய்ந்த வட்டத் தட்டு ஒன்று கோசைன் அலைபோல் முன்னும் பின்னும் திரும்பும். அதன் மேல் ஒரு கோளம், நீர்மட்டத்துக்கு ஏற்ப மையத்திலிருந்து விலகியும் நெருங்கியும் நகரும். விலக விலகத் தட்டு அதை அதிகம் சுழற்றும், இதுதான் பெருக்கல். கோளம் பக்கத்திலுள்ள உருளையைச் சுழற்றும். உருளை மொத்தம் எவ்வளவு திரும்பியது என்பதுதான் தொகையீடு. தட்டு, கோளம், உருளை மூன்றையும் இப்படி இணைக்கும் யோசனை அவர் அண்ணன் ஜேம்ஸ் தாம்சனுடையது. பிரித்தெடுத்த அலைகளைத் திரும்பக் கூட்டி வருங்கால நீர்மட்டத்தைச் சொல்லும் வேறோர் இயந்திரம், இந்தியத் துறைமுகங்களுக்கென்றே எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைப்பில் 1879-இல் லண்டனில் தயாரானது.

என் எட்டு எண்களில் இருந்த சுலபம் உண்மைக் கடலில் கிடையாது. சூரியன் எழுப்பும் ஓதம் சரியாக 12 மணிக்கு ஒருமுறை வரும். நிலா எழுப்புவது 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை. கடிகார முள்ளாக நினைத்தால் சூரிய முள் மணிக்கு 30 டிகிரி ஓடுகிறது, நிலா முள் 28.984 டிகிரி. நிலாவின் பங்கு 30 சென்டிமீட்டர், சூரியனின் பங்கு 12 சென்டிமீட்டர் என்று வைத்து, ஒரே ஒரு நாளின் அளவுகளை எடுத்துச் சூரிய அலையால் பெருக்கிப் பாருங்கள். வித்தியாச முள்ளின் வேகம் மணிக்கு 1.016 டிகிரிதான். ஒரு நாளில் அது 24 டிகிரி சொச்சம் நகர்ந்திருக்கும். முழுச் சுற்றில் பதினான்கில் ஒரு பங்குகூட ஆகவில்லை. கழிய வேண்டிய நிலா கழியாமல் சூரியனின் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். இரு முள்களும் ஒன்றாகச் சேர்ந்த நாளில் செய்தால் சூரியனின் பங்கு 40-ஐத் தாண்டும். ஒரு வாரம் கழித்து, இரண்டும் எதிரெதிராக நிற்கும் நாளில், அதே கணக்கு மைனஸ் 17-ஐ ஒட்டிய விடையைத் தரும். உண்மையான 12 எந்த நாளிலும் கண்ணில் படாமலேகூடப் போகலாம்.

பிழையைப் பிடிக்கும் வழியும் இதற்குள்ளேயே இருக்கிறது. அளவெடுத்த நாள்களைக் கொஞ்சம் தள்ளிவைத்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கெழு மாறிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு முள் பாதி வழியில் நிற்கிறது என்று பொருள். பெருக்கலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துப் பயனில்லை. பெருக்கல் சரியாகத்தான் இருக்கும். ஒரே நாளில் மணிக்கு நூறு அளவுகள் எடுத்தாலும் பெரிதாகப் பயனில்லை. தேவை நாள்கள்.

எத்தனை நாள்? 360-ஐ 1.016-ஆல் வகுத்தால் சுமார் 354 மணி நேரம், அதாவது 14.77 நாள். அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்கு ஆகும் சராசரிக் காலம் இது. இரு முள்களும் சேரும்போது கடல் பெரிதாக ஏறி வற்றுகிறது, எதிர்த்து நிற்கும்போது அடங்கிக் கிடக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது கணக்கில்லாமலே தெரியும். இரண்டு பக்கமும் சேர்த்து அமாவாசை முதல் அமாவாசை வரை 29.53 நாள் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அதற்குள் நிலா ஓதம் 57 சுற்றும் சூரிய ஓதம் 59 சுற்றும் கிட்டத்தட்ட முழுசாக முடித்துவிடுகின்றன. வித்தியாசமும் கூட்டலும் இரண்டுமே கழிந்து, சூரியனின் கணக்கில் 12 மட்டும் நிற்கும்.

இதோடும் முடிவதில்லை. சூரிய ஓதத்தை ஒட்டியே 11 மணி 58 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் இன்னோர் ஓதம் உண்டு. இவை இரண்டின் வித்தியாச முள் ஒரு சுற்று முடிக்க 182.6 நாள், ஆகவே அரை வருட அளவு கையில் இருந்தால்தான் அவற்றைப் பிரிக்கலாம். நிலவின் பாதை சாய்வு மாறித் திரும்ப 18.6 வருடம் ஆகிறது. அந்தச் சுற்றைக் கடல் அளவிலிருந்தே முழுதாகக் கழிக்க நினைப்பவர், ஒரே தூணில் அத்தனை வருடமும் விடாமல் நீர்மட்டம் குறிக்க வேண்டும்.