புழுக்கத்துக்கு எந்தச் சட்டை?

சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாது. துணி ஈரத்தை உறிஞ்சினால் மட்டும் போதாது. முதுகில் ஒட்டாமலும் இருக்க வேண்டும். இதில் லினன்தான் முதலிடம். ஆளி நார் விறைப்பானது. நனைந்தாலும் உடம்பைவிட்டு விலகி நிற்கும், காற்று நுழையும். ஆனால் அந்த விறைப்பால்தான் அது கசங்கவும் செய்கிறது. மடங்கிய நார் தானாக நிமிராது. உட்கார்ந்து எழுந்தாலே சுருக்கம். ஒரே மடிப்பைத் திரும்பத் திரும்ப அழுத்தித் தேய்த்தால் நார் ஒடியும். அதனால்தான் பழைய லினன் சட்டை பெரும்பாலும் காலர் மடிப்பிலும் கைப்பட்டி ஓரத்திலும் முதலில் விட்டுப்போகிறது. லேசான ஈரம் இருக்கும்போதே தேய்த்து, மடிக்காமல் ஹேங்கரில் மாட்டுங்கள்.

கதரில் கையால் நூற்ற நூல் சீராக இராது. அந்த மேடுபள்ளம் துணியை உடம்போடு ஒட்டவிடாது. ஆனால் நூல் மெலிந்த இடங்கள், முக்கியமாக முழங்கையில், சீக்கிரம் நைந்துவிடும். முதல் சலவையில் சுருங்கும் என்பதால், நனைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும்.

மில் பருத்தியில் நெருக்கமாக நெய்த பாப்ளின் நன்றாக உழைக்கும், ஆனால் வியர்த்தால் முதுகில் ஒட்டும். ‘கசங்காத’ பருத்தி என்று விற்பதை இந்த ஊருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அதற்காக ஏற்றும் பிசின், பருத்தியின் வலுவையும் உறிஞ்சும் தன்மையையும் குறைத்துவிடுகிறது.