கடல் தாண்டும் கல்விக் கடன் – 9: கடன் ரூபாயில், கட்டணம் டாலரில்

சாங்ஷன் லெட்டர் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் தேடுவது வட்டி விகிதத்தை. அடுத்து, எத்தனை வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும் என்பதை. அந்தத் தொகையை வங்கி எந்த டாலர் விலையை வைத்துக் கணக்குப் போட்டது என்று கேட்கிற பெற்றோர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். படிப்பு பாதியைத் தாண்டிய பிறகு குடும்பத்தைத் திணற வைப்பது பெரும்பாலும் அந்தக் கேட்கப்படாத கேள்விதான்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் சின்ன ஜவுளி வியாபாரம். மகள் 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் இரண்டு வருட முதுகலைப் படிப்பில் சேர்கிறாள். ஒரு செமஸ்டருக்குக் கட்டணம் 12,000 டாலர், நான்கு செமஸ்டருக்கு 48,000. அப்போது டாலர் சுமார் 74 ரூபாய். வங்கி மொத்தக் கட்டணத்தை 35.52 லட்சம் என்று எழுதுகிறது. அதில் 15 சதவீதம் குடும்பத்தின் பங்கு, 'மார்ஜின்' என்பார்கள். மீதி கடன். கணக்கு சுத்தமாக இருக்கிறது, எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால் வங்கி அந்த 35.52 லட்சத்தை ஒரே நாளில் டாலராக மாற்றுவதில்லை. செமஸ்டர் பில் வரவர, அன்றைய விலையில் டாலர் வாங்கிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். அதுவும் நாம் செல்போனில் பார்க்கிற விலையில் அல்ல. அது வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை. நமக்குப் பொருந்துவது 'டி.டி. செல்லிங் ரேட்'. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் வங்கிக்கு வங்கி மாறும். நம் கணக்குக்கு டாலருக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் செமஸ்டரில் டாலர் 74, வங்கியின் ஒரு ரூபாயும் சேர்த்து 9 லட்சம் போயிற்று. 2022 ஜனவரியில் 74.50, இரண்டாவது தவணை 9.06 லட்சம். அடுத்த மாதம் உக்ரைன் போர் தொடங்கியது. கச்சா எண்ணெய் விலை ஏறியது, அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது, ஜூலையில் டாலர் 80 ரூபாயைத் தொட்டது. ஆகஸ்டில் 79.50 என்று வைத்தால் மூன்றாவது தவணை 9.66 லட்சம். இதுவரை செலவு 27.72 லட்சம். கையில் மிச்சம் 7.80 லட்சம். 2023 ஜனவரியில் டாலர் 82. நான்காவது தவணைக்குத் தேவை 9.96 லட்சம்.

குறைவது 2.16 லட்சம். ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் டாலர் ஏறியது 11 சதவீதத்துக்குள்தான். ஆனாலும் கடைசித் தவணையில் விழுந்த பள்ளம் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். காரணம் எளிது. முதல் மூன்று தவணைகளின் பற்றாக்குறை அந்தந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. வங்கியும் முழுத் தொகையை அனுப்பிக்கொண்டே இருந்தது. எல்லாம் சேர்ந்து கடைசித் தவணையின் தலையில் வந்து உட்கார்ந்தது.

கடைசித் தவணை தவறினால் நேர்வது மற்ற எதையும்விட மோசம். கட்டணம் பாக்கி என்றால் பல்கலைக்கழகம் மாணவியின் கணக்கை நிறுத்தி வைக்கலாம், பாடப் பதிவை ரத்து செய்யலாம். எஃப்-1 விசாவில் இருப்பவர் முழுநேர மாணவராகப் பதிவில் இருந்தே ஆக வேண்டும். ஆக, இரண்டு லட்ச ரூபாய்ப் பற்றாக்குறை முப்பத்தைந்து லட்ச ரூபாய்ப் படிப்பையும் விசாவையும் சேர்த்து ஆட்டிப் பார்க்கிறது. அந்த நேரத்தில் அப்பா வங்கிக்கு ஓடினால், "சார், இது டாப்-அப் லோன். புதுசா ப்ரபோசல் போடணும், ரீஜனல் ஆபீஸ் அப்ரூவல் வரணும்" என்பார்கள். வருமானச் சான்று, சொத்து மதிப்பீடு எல்லாம் மறுபடியும் கேட்கலாம். கட்டணம் கட்டக் கடைசி நாள் அதற்காகக் காத்திருக்காது. நகையை அடகு வைத்துத்தான் பல குடும்பங்கள் இந்த இடத்தைத் தாண்டுகின்றன.

கட்டணத்தோடு விஷயம் முடிவதில்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அப்பா மாதம் 800 டாலர் அனுப்புகிறார் என்றால், முதலில் 59,200 ரூபாய் ஆனது பிறகு 65,600 ஆகிறது. ஈரோட்டுக் கடையில் வருமானம் டாலரோடு சேர்ந்து ஏறாது. மகள் கேம்பஸில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்க அனுமதி உண்டு. அதில் கிடைப்பது டாலர் என்பதால், சிறிய தொகையானாலும் இந்த ஏற்றத்தை அப்படியே தாங்கும்.

சரி, டாலர் ஏறும் என்று தெரிந்தால் முன்கூட்டியே வாங்கி அனுப்பிவிடலாமே? நல்ல கேள்வி. எந்தப் பணத்தில் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

மேலே சொன்ன மூன்றாவது தவணையையே பாருங்கள். 2022 ஜனவரியில் 74.50-க்கே 12,000 டாலரை வாங்கி வைத்திருந்தால் ஆகஸ்டில் 60,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும். ஆனால் அது கடன் பணம். 8.94 லட்சத்தை ஏழு மாதம் முன்னதாக எடுத்தால், 10.5 சதவீத வட்டியில் சுமார் 54,800 ரூபாய் கூடுதல் வட்டி. கைக்கு நின்றது 5,200 ரூபாய் மட்டுமே. ரூபாய் அவ்வளவு வேகமாகச் சரிந்த வருடத்திலேயே லாபம் இவ்வளவுதான். டாலர் நிதானமாக இருக்கும் வருடத்தில் இதே காரியம் நஷ்டம். கடன் பணத்தில் அவசரப்பட்டு டாலர் வாங்காதீர்கள் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

சொந்தச் சேமிப்பின் கணக்கு வேறு. அது டெபாசிட்டில் ஐந்தரை சதவீத வட்டியில் இருந்திருந்தால், ஏழு மாதத்தில் இழந்திருக்கும் வட்டி 29,000 ரூபாய்க்குள். மிச்சமானது 60,000. ஆகவே குடும்பத்தின் கைப்பணத்தில் ஒரு பகுதியை, முக்கியமாக வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை, சில மாதம் முன்பே டாலராக மாற்றிவைப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிவிட்டால் ஏற்றிய அன்றைய விலை நின்றுவிடும். முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். டாலர் இறங்கவும் செய்யும். பிரித்து வாங்கினால் எந்த ஒரு நாளின் விலையும் நம்மை முழுதாகச் சாய்க்காது.

'ஃபார்வர்ட் கான்ட்ராக்ட்' போட்டு விலையை உறுதி செய்துகொள்ளலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வதுண்டு. ஏற்றுமதி செய்யும் திருப்பூர்க்காரர்களுக்கு அது அன்றாடச் சங்கதி. ரிசர்வ் வங்கி விதிகள் தனிநபருக்கும் அதை அனுமதிக்கின்றன. ஆனால் சாதாரணக் கிளையில் மாணவரின் தந்தைக்கு அதைச் செய்து தர ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் அது இலவசம் இல்லை. இந்திய வட்டிக்கும் அமெரிக்க வட்டிக்கும் உள்ள இடைவெளி, நாளைய டாலர் விலையில் முன்னாலேயே ஏற்றப்பட்டிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பயன் தருவது, சாங்ஷன் வாங்கும்போதே தொகையைக் கூட்டிக் கேட்பது. முதல் வருடத்துக்கு அன்றைய டி.டி. செல்லிங் ரேட், இரண்டாம் வருடத்துக்கு அதைவிடப் பத்து சதவீதம் அதிகம் என்று மதிப்பீடு போடச் சொல்லுங்கள். வட்டி, வங்கி அனுப்பிய தொகைக்குத்தான். எடுக்காமல் கிடக்கும் வரம்புக்கு இல்லை. செயலாக்கக் கட்டணம் சற்றுக் கூடலாம், பிணை சொத்தின் மதிப்பும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். நம் ஈரோட்டுக் குடும்பம் இப்படிச் செய்திருந்தால், பெருக்கிப் பார்த்தால் தெரியும், இரண்டாம் வருடத்துக்கு டாலர் 82 ரூபாய் 50 காசு என்று மதிப்பிட்டிருப்பார்கள். உண்மையான விலை, வங்கியின் ஒரு ரூபாயையும் சேர்த்து, முதலில் 80.50, பிறகு 83. பள்ளம் முழுதும் நிரம்பியிருக்கும்.

பத்து சதவீதம் எப்போதும் போதுமா என்றால், போதாது. 2013 மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68.80-ஐத் தாண்டியது. சரியாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கட்டணம் கேட்கிற மாதம். அக்டோபரில் டாலர் 62 அளவுக்கு இறங்கிவிட்டது. பல பல்கலைக்கழகங்களில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு செமஸ்டர் பில்லை நான்கைந்து மாதத் தவணையாகக் கட்ட விடுவார்கள். அந்த ஆகஸ்டில் அப்படிக் கட்டியவர்கள் உச்ச விலையில் ஒரு பகுதியை மட்டுமே வாங்கியிருப்பார்கள்.

இலங்கையில் 2022-ல் நடந்ததற்கு இந்த ஏற்பாடு எதுவும் ஈடு கொடுத்திருக்காது. மார்ச் தொடக்கத்தில் சுமார் 203 இலங்கை ரூபாயாக இருந்த டாலர், மே மாதம் 360-ஐத் தொட்டது. 12,000 டாலர் கட்டணம் 24 லட்சத்திலிருந்து 43 லட்சமானது. பணம் வைத்திருந்தவர்களுக்குக்கூட வங்கியில் டாலர் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வெளிநாட்டில் வாழும் உறவினர் உள்ள குடும்பங்களால், அங்கேயே அவர்களைக் கட்டச் சொல்லிச் சமாளிக்க முடிந்தது. அப்படி யாரும் இல்லாதவர்களுக்கு வழியே இல்லை.

கடனைத் திருப்பிக் கட்டும் காலம் வந்ததும் இதே டாலர் திசை மாறுகிறது. வட்டியும் சேர்ந்து கடன் 40 லட்சம், 10.5 சதவீதம், பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 54,000 ரூபாய். மகள் அமெரிக்காவிலேயே வேலை பார்த்தால், டாலர் 74-ஆக இருக்கையில் இதற்கு 730 டாலர் தேவைப்பட்டிருக்கும். 2025 டிசம்பரில் டாலர் 90-ஐத் தாண்டியபோது 600 டாலர் போதும். படிக்கும்போது அடித்த சரிவு, சம்பாதிக்கும்போது கை கொடுக்கிறது. ஊர் திரும்பி ரூபாயில் சம்பளம் வாங்குபவளுக்கு இந்த ஈடு கிடையாது; படிக்கும்போது கூடிய கடன் அப்படியே நிற்கும்.

பிணை இல்லாமல் டாலரிலேயே கடன் தரும் வெளிநாட்டு நிறுவனங்கள் பக்கம் போகிறவர்கள் இதைத் தலைகீழாக வைத்துப் பார்க்க வேண்டும். அதில் படிக்கும் காலத்துக் கட்டணத்துக்கு டாலர் ஏற்றம் பற்றிய கவலை இல்லை. அங்கே வேலை கிடைத்தால் பிறகும் இல்லை. ஆனால் விசா கிடைக்காமல் திரும்பி, சென்னையில் ரூபாய்ச் சம்பளத்தில் டாலர் தவணை கட்ட நேர்ந்தால், 74 ரூபாய்க் காலத்தில் வாங்கிய ஒவ்வொரு டாலரையும் 90 கொடுத்து அடைக்க வேண்டும். படிப்பு முடிந்து எஃப்-1 விசாவில் கிடைக்கும் வேலை அனுமதி சாதாரணமாக ஒரு வருடம்தான். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு இன்னும் 24 மாதம் நீளும். அதற்குப் பிறகு ஹெச்-1பி குலுக்கல். திரும்பி வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று உங்களுக்கே தோன்றினால், வட்டி சற்று அதிகமானாலும் ரூபாய்க் கடனையே நான் சொல்வேன்.

(தொடரும்)