நட்சத்திரம் தெரியட்டுமா, வேண்டாமா?

ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கட்டண அறிவிப்பு ஒன்றைத் தட்டச்சு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியின் செயலியைப் போனில் வைத்திருக்கும் பெற்றோருக்கு அது செயலியில் போகும். மற்றவர்களுக்கு எஸ்எம்எஸ் ஆகப் போகும். அடிப்பவர் ஒருமுறைதான் அடிக்கிறார்:

```
## கட்டண அறிவிப்பு
**கடைசி நாள்:** ஜூன் 20
**தொகை:** ரூ.**1,500**
```

இது மார்க்டவுன் என்னும் எழுத்துமுறை. ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்டது. இரண்டு ஹேஷ் போட்டால் தலைப்பு, இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. செயலிக்கு இந்த முறை தெரியும், குறிகளை மறைத்து அழகாகக் காட்டிவிடும். எஸ்எம்எஸ்ஸுக்குத் தெரியாது. அங்கே நட்சத்திரமும் ஹேஷும் அப்படியே வந்து நிற்கும்.

எந்தத் திரையில் விழும் என்று தெரியாதபோது குறி போடுவதா, வெறும் எழுத்தாக விடுவதா? இதை ரசனைக்கு விடாமல் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

குறி போடாவிட்டால் செயலிக்காரருக்கு என்ன நட்டம்? தேதியும் தொகையும் கண்ணில் பளிச்சென்று படாது. இன்னொரு முறை படிப்பார், அவ்வளவுதான். இதற்கு ஒரு மதிப்பெண் நட்டம் என்போம். குறி போட்டால் எஸ்எம்எஸ்காரருக்கு வருவது இதைவிடப் பெரியது. விளம்பரங்களில் விலைக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று படித்துப் பழகியவர்கள் நாம். 1,500க்கு இருபுறமும் நட்சத்திரத்தைப் பார்ப்பவர், இன்னும் ஏதோ கட்ட வேண்டுமோ என்று அலுவலகத்துக்குப் போன் செய்வார். இதற்கு நான்கு மதிப்பெண். நான்கு என்பது என் மதிப்பீடு. உங்கள் அலுவலகத்துக்கு வரும் போன்களைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

நூறு பெற்றோரில் 70 பேர் செயலியில், 30 பேர் எஸ்எம்எஸ்ஸில். குறி போடாவிட்டால் மொத்த நட்டம் 70. போட்டால் முப்பது நான்கு 120. பெரும்பாலோர் செயலியில் இருந்தும் வெறும் எழுத்துதான் ஜெயிக்கிறது. செயலிக்காரர்கள் 90 ஆனால் நிலை மாறும்: 90க்கு எதிராக 40, குறி போடுவதே லாபம். இரண்டும் சமமாகும் இடம் 80. ‘பாதிப் பேருக்கு மேல் சரியாகத் தெரிந்தால் போதும்’ என்று நினைப்பவர்கள் தவறுவது இங்கேதான். ஒரு பக்க நட்டம் நான்கு மடங்கு என்றால் பாதி போதாது. ஐந்தில் நான்கு பேராவது வேண்டும்.

எஸ்எம்எஸ்ஸில் நட்டம் காசாகவும் வரும். தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துக்குறிகள்தான் இடம். புள்ளி, கால், கொம்பு எல்லாமே தனித்தனியாக எண்ணப்படும். 68 குறிகளில் அடங்கிய அறிவிப்பில் ஒரு சொல்லைத் தடிமனாக்க நான்கு நட்சத்திரம் சேர்த்தால் 72. ஒரு செய்தி இரண்டாகிவிடும்.

ஆனால் எல்லாக் குறிக்கும் ஒரே நட்டம் இல்லை. வரித் தொடக்கத்தில் ‘1.’, ‘2.’ என்று எண் போட்டால் எந்தத் திரையிலும் அது எண்தான். சிறு கோடும் அப்படியே. இவற்றுக்குக் கணக்கே வேண்டாம், தாராளமாகப் போடலாம். மறுமுனையில் அட்டவணை இருக்கிறது. ஆறு வகுப்புக் கட்டணத்தை நெடுங்கோடுகளால் கட்டம் கட்டி அனுப்பினால், சின்னத் திரையில் வரிகள் மடங்கி எந்தத் தொகை எந்த வகுப்புக்கு என்பதே குழம்பும். அதை வெறும் பத்தியாக்கினாலும் செயலிக்காரர் தேடித் தவிப்பார். ‘6ஆம் வகுப்பு: ரூ.1,500’ என்று வகுப்புக்கு ஒரு வரியும் நடுவே ஒரு வெற்று வரியும் விட்டால் இரு பக்கமும் நட்டம் கிட்டத்தட்ட இல்லை. வெற்று வரி முக்கியம்: மார்க்டவுன் திரைகள் பலவும் அடுத்தடுத்த வரிகளை ஒன்றாக ஒட்டிவிடும். வெறும் எழுத்தும் எப்போதும் பத்திரமானதல்ல.

வாட்ஸ்அப்பையும் மார்க்டவுன் என்று எண்ணி ஏமாற வேண்டாம். அங்கே தடித்த எழுத்துக்கு ஒற்றை நட்சத்திரம். மார்க்டவுனில் அதே ஒற்றை நட்சத்திரம் எழுத்தைச் சாய்த்துவிடும்.

மின்னஞ்சல் இந்தத் தொல்லையை எப்போதோ தீர்த்துக்கொண்டது. ஒரே கடிதத்துக்குள் அலங்கரித்த வடிவம், வெறும் எழுத்து வடிவம் இரண்டையும் அனுப்பலாம். பெறும் பக்கம் தனக்கு முடிந்ததைக் காட்டிக்கொள்ளும். எஸ்எம்எஸ்ஸில் அந்த வசதி கிடையாது. ஆகவே அறிவிப்பு மென்பொருள் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எஸ்எம்எஸ் வழியில் அனுப்பும் முன் குறிகளை நீக்கிவிடுங்கள். எந்தத் திரைக்குப் போகிறது என்பது தட்டச்சு செய்பவருக்குத் தெரியாது, உங்கள் மென்பொருளுக்குத் தெரியும்.